5 வருட எஃப்.டி: க்யூமுலேட்டிவா, காலாண்டு வட்டியா? கைக்கே வராத வட்டிக்கு வருடா வருடம் வரி உண்டா?

வேளச்சேரி_கார்த்தி
வணக்கம். 2025 அக்டோபர் 10 அன்று ஒரு வங்கியில் 10 லட்சம், 5 வருடம், 7% க்யூமுலேட்டிவ் எஃப்.டி போட்டேன். கிளையில் சொன்னது: க்யூமுலேட்டிவில் முதிர்வுத் தொகை 14,14,778, காலாண்டு வட்டி வாங்கினால் மொத்த வட்டி 3,50,000 மட்டுமே. "64,778 ரூபாய் லாபம் சார், வரியும் கடைசியில பணம் வரும்போதுதான்" என்றார்கள். இப்போது 2026 மார்ச்சில் ஆபீஸில் வரிக் கணக்கு கேட்கிறார்கள். நெட்பேங்கிங்கில் பார்த்தால் "திரண்ட வட்டி" என்று ஒரு தொகை நிற்கிறது. வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டிடிஎஸ் எதுவும் பிடிக்கவில்லை. இதை நான் இந்த வருடமே காட்ட வேண்டுமா? காட்ட வேண்டுமென்றால் இதை உடைத்துவிட்டுக் காலாண்டு வட்டிக்கு மாற்றிவிடலாமா? புதிய வரிமுறையில் இருக்கிறேன். எஃப்.டி வட்டி சேர்க்காமல் வரிக்குரிய வருமானம் 18 லட்சம்.

அண்ணாநகர்_பாலா
5 வருஷ எஃப்.டி-னா 80சி-ல கழிச்சுக்கலாமே ப்ரோ, 1.5 லட்சம் வரைக்கும்.

வேளச்சேரி_கார்த்தி
இது டாக்ஸ் சேவர் எஃப்.டி இல்லைங்க, சாதாரணம். அதுவுமில்லாமல் நான் புதிய முறை.

அண்ணாநகர்_பாலா
ஓ, அப்ப 80சி கிடையாது. கேள்வியைச் சரியா படிக்கல.

மாம்பலம்_ராஜு
கிளையில் சொன்ன இரண்டு தொகையும் சரி. அதை "லாபம்" என்று சொன்னது சரியில்லை, வரி பற்றிச் சொன்னது அதைவிடத் தப்பு. முதலில் 64,778-ஐ எடுத்துக்கொள்வோம்.

```
1000000 × (1 + 0.07/4)^20 = 1414778
1000000 × (0.07/4) × 20  = 350000
```

இரண்டிலும் வங்கி தரும் வட்டி வீதம் ஒன்றுதான்: காலாண்டுக்கு 1.75%. ஒன்றில் அந்த 17,500 உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது. இன்னொன்றில் அதே 17,500 அதே எஃப்.டி-க்குள் அசலோடு சேர்ந்து மறுபடி 7% சம்பாதிக்கிறது. கூடுதலாகத் தெரியும் 64,778 என்பது வங்கி தரும் சலுகையே அல்ல, நீங்கள் செலவழிக்காமல் விட்ட வட்டி ஈட்டிய வட்டி. காலாண்டு வட்டியை வாங்கி அன்றைக்கே வேறெங்காவது 7%-க்குப் போட முடிந்தால் உங்களுக்கும் 14,14,778-தான் வரும்.

ஆனால் நடப்பில் அப்படிப் போட முடியாது என்பதுதான் விஷயம். ஒவ்வொரு 17,500-ம் 2.5% சேமிப்புக் கணக்கிலேயே தூங்கினால் 5 வருடத்தில் மொத்த வட்டி சுமார் 3,71,600 ஆகும். அதாவது க்யூமுலேட்டிவைவிட 43,000 குறைவு. 2025-இல் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வீதம் 6.5-இலிருந்து 5.25-க்கு இறங்கியதைப் பார்த்திருப்பீர்கள். இனி கைக்கு வரும் வட்டியைப் போட 7% கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது. க்யூமுலேட்டிவ் உங்கள் அசலுக்கு மட்டுமல்லாமல் இடையில் வரும் வட்டிக்கும் அதே 7%-ஐக் கட்டிப்போட்டுக் கொடுக்கிறது. அதன் உண்மையான பலன் இதுதான்.

மாத வட்டி கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 10 லட்சத்துக்கு 7% என்றால் மாதம் 5,833 என்று வகுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். காலாண்டு முடிவதற்கு முன்பே தருவதால் வங்கி கொஞ்சம் தள்ளுபடி செய்து 5,800-க்குச் சற்றுக் குறைவாகத்தான் வரவு வைக்கும்.

குரோம்பேட்டை_குமார்
ராஜு சார் வட்டிக் கணக்கு ஓகே. ஆனா வரி விஷயத்துல கிளையில சொன்னது தப்புன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. பிரிவு 145 படி "பிற வழி வருமானத்துக்கு" கையில வரும்போது காட்டுற முறையையும் வச்சுக்கலாம், சேரச் சேரக் காட்டுற முறையையும் வச்சுக்கலாம். நம்ம இஷ்டம். கையில பணம் வர்றது 2030-லதான், அப்ப அந்த வருஷம் காட்டினாப் போதும். வீணா இப்பவே வரி கட்டணுமா?

சுதா_அடையாறு
குமார் சார் சொல்வதில் பாதி சரி. பிரிவு 145 அந்தத் தேர்வைத் தருகிறது, ஆனால் "இஷ்டம்" என்று நிறுத்திவிட முடியாது. எந்த முறையோ அதை வருடா வருடம் மாறாமல் கடைப்பிடிக்க வேண்டும். ஒரு எஃப்.டி-க்கு வருடா வருடம், இன்னொன்றுக்குக் கடைசியில் என்று வசதிப்படி வைத்துக்கொள்ள முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் டிடிஎஸ். வங்கி உங்கள் முறையைக் கேட்பதில்லை. க்யூமுலேட்டிவாக இருந்தாலும் அந்த நிதியாண்டில் சேர்ந்த வட்டியைக் கணக்கிட்டு, வரம்பைத் தாண்டினால் 10% பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டிவிடும். அது வருமான வரித் துறை உங்கள் பெயரில் வைத்திருக்கும் 26ஏஎஸ், ஏஐஎஸ் பட்டியல்களில் அந்த வருடத்துக் கணக்காகவே ஏறும். விதி 37பிஏ என்ன சொல்கிறது? எந்த வருடம் வருமானத்தைக் காட்டுகிறீர்களோ அந்த வருடம்தான் அதற்கான டிடிஎஸ்ஸைக் கழிக்கலாம். வருமானத்தை 2030-க்குத் தள்ளினால் ஒவ்வொரு வருட டிடிஎஸ்ஸையும் ஐடிஆர்-2 டிடிஎஸ் அட்டவணையில் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்கிறேன் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு வருடம் விட்டாலும் சங்கிலி அறும். பலர் செய்வது இதற்கு நேர்மாறு: வட்டியைக் காட்டாமல் டிடிஎஸ்ஸை மட்டும் அந்த வருடமே கழித்துக்கொள்வார்கள். ஏஐஎஸ்-இல் வட்டி இருக்க ரிட்டர்னில் இல்லையென்றால் கேள்வி வருவது நிச்சயம்.

கார்த்தி, உங்கள் விஷயத்தில் பணக் கணக்காகவும் பார்ப்போம். 2030-இல் மொத்த 4,14,778-ஐயும் ஒரே வருடத்தில் காட்டினால் 18 லட்சம் 22.15 லட்சமாகும். 20 லட்சத்துக்கு மேல் போகும் 2,14,778-க்கு 20%-க்குப் பதில் 25%. செஸ் சேர்த்து 11,169 ரூபாய் அதிக வரி. அதையே வருடத்துக்கு எழுபது, எண்பதாயிரம் என்று பிரித்துக் காட்டினால் எல்லாம் 20% அடுக்குக்குள் அடங்கும். வரியைத் தள்ளிப்போட்டதில் கிடைக்கும் வட்டியையும் எதிரே வைக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சம்பளமும் ஏறுமே, 2030-இல் எந்த அடுக்கில் நிற்பீர்கள் என்று யார் கண்டது?

குரோம்பேட்டை_குமார்
டிடிஎஸ் சங்கிலி விஷயம் நான் யோசிக்கல, ஒத்துக்கறேன். ஆனா சட்டப்படி கையில வரும்போது காட்டுறது தப்பில்லைன்னு நான் சொன்னது நிக்குது.

மாம்பலம்_ராஜு
அதிலும் வாதம் உண்டு குமார். காலாண்டு வட்டியை வங்கி எஃப்.டி கணக்கிலேயே வரவு வைத்து அசலோடு சேர்க்கிறது. அப்படி வரவு வைத்ததே உங்கள் சார்பில் பெற்று மறு முதலீடு செய்ததுதான், ஆகவே அந்த நாளே "கையில் வந்தது" என்பவர்களும் இருக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர் ஒரு எஃப்.டி-க்காக இந்த வழக்கில் இறங்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

குரோம்பேட்டை_குமார்
உடைச்சா அபராதம் போடுறாங்க, முதிர்வு வரைக்கும் தொட விடலை. அதை எப்படி "பெற்றேன்"னு சொல்ல முடியும்? எனக்கு ஒப்பில்லை. விடுங்க.

வேளச்சேரி_கார்த்தி
சரி, வருடா வருடம் காட்டிவிடுகிறேன். ஆனால் இந்த வருடம் வங்கி டிடிஎஸ் பிடிக்கவே இல்லையே? அப்போது இந்த வருட வட்டிக்கு வரி இல்லை என்றுதானே அர்த்தம்?

சுதா_அடையாறு
இல்லை. இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டிடிஎஸ் வரம்பு வங்கி எப்போது பிடிக்க வேண்டும் என்பதற்கு மட்டும். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு வங்கியில் ஒரு நிதியாண்டு வட்டி 50,000 தாண்டினால் பிடிப்பார்கள், 60 வயதானவர்களுக்கு 1,00,000. வரம்புக்குக் கீழே இருக்கும் வட்டிக்கும் உங்கள் அடுக்குப்படி வரி உண்டு.

உங்கள் எஃப்.டி-க்கு இந்த நிதியாண்டுக் கணக்கு: அக்டோபர் 10 முதல் ஜனவரி 10 வரை 17,500. அது அசலோடு சேர்ந்து 10,17,500. அங்கிருந்து மார்ச் 31 வரை 80 நாள், 7% வீதம் 15,611. ஆக சுமார் 33,100. 50,000-க்குக் கீழ், அதனால் டிடிஎஸ் இல்லை. உங்களுக்கு 20% அடுக்கு, செஸ்ஸோடு 20.8%. வரி சுமார் 6,885. இதை ரிட்டர்ன் போடும் முன் நீங்களாகக் கட்ட வேண்டும். வங்கி நாட்களை எண்ணும் விதத்தில் சில ரூபாய் முன்னே பின்னே இருக்கும், ஆகவே இந்தத் தொகையைப் போடாமல் ஏப்ரலில் வங்கி தரும் வட்டிச் சான்றிதழில் உள்ளதைப் போடுங்கள்.

சான்றிதழில் "செலுத்திய வட்டி", "திரண்ட வட்டி" என்று இரண்டு பத்தி இருந்தால் க்யூமுலேட்டிவுக்கு முதல் பத்தி பூஜ்யமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வட்டியே இல்லை என்று ரிட்டர்னில் பூஜ்யம் போடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது பத்தியைப் பாருங்கள், ஏஐஎஸ்-இல் ஏறியிருக்கும் தொகையோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். இன்னொன்று, உங்கள் 5 வருட எஃப்.டி 6 நிதியாண்டுகளில் விழும். 2025-26-இல் பாதி, 2030-31-இல் பாதி. முதிர்வு வருடத்தில் 4,14,778 முழுவதையும் மறுபடி காட்டிவிடாதீர்கள், அந்த வருடத்துக்கு மிஞ்சியதை மட்டும்.

மாம்பலம்_ராஜு
வட்டி ஆண்டுகளாகப் பிரித்தால் கார்த்திக்குப் படம் தெளியும். முதல் வருடம் 71,859, பிறகு 77,023, 82,558, 88,490, ஐந்தாவது 94,849. ஏறிக்கொண்டே போகும். காலாண்டு வட்டியென்றால் வருடா வருடம் 70,000, அவ்வளவே. மொத்த வரி க்யூமுலேட்டிவில் 86,274, மற்றதில் 72,800. 13,474 அதிகம், ஆனால் அது கூடுதல் 64,778 வட்டிக்கான வரிதான். வீதம் இரண்டுக்கும் ஒன்றே. க்யூமுலேட்டிவுக்கு வரி ஜாஸ்தி என்று சொல்வது சரியில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: வரி கட்டும் பணம் எங்கிருந்து வரும்? காலாண்டு வட்டியில் கைக்கு வந்த 70,000-இலிருந்தே 14,560 போகும். க்யூமுலேட்டிவில் கைக்கு ஒரு பைசா வராமல் அந்த 15,000 சொச்சத்தைச் சம்பளத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும்.

இதில் டிடிஎஸ் இன்னொரு வேலையும் செய்யும். அடுத்த வருடத்திலிருந்து உங்களுக்கு 50,000 தாண்டும். பல வங்கிகள் அந்த 10%-ஐ எஃப்.டி-க்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ளும். எடுத்த பணம் அதற்கப்புறம் வட்டி ஈட்டாது. ஐந்து வருடமும் ஒவ்வொரு காலாண்டும் பிடித்தால் என்று வைத்துப் போட்டால்:

```
1000000 × (1 + 0.0175 × 0.9)^20 = 1366900
```

ரசீதில் 14,14,778 என்று அச்சிட்டிருக்கும், கையில் 13,66,900. 47,878 குறைவு. இதில் 40,767 டிடிஎஸ், அது உங்கள் வரியில் கழியும், தொலையவில்லை. மீதி 7,111 கூட்டு வட்டி இழப்பு, அது யாரும் திருப்பித் தர மாட்டார்கள். முதிர்வு நாளில் "வங்கி ஏமாத்திட்டாங்க" என்று கிளையில் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த 47,878-க்காகத்தான். சில வங்கிகளில் டிடிஎஸ்ஸைச் சேமிப்புக் கணக்கிலிருந்து பிடிக்கச் சொல்லும் வசதி உண்டு. கேட்டுப் பாருங்கள், இருந்தால் எழுதிக் கொடுங்கள். கணக்கில் அந்த நாளில் பணமும் இருக்க வேண்டும்.

வேளச்சேரி_கார்த்தி
இப்போதுதான் புரிகிறது. அட்வான்ஸ் டாக்ஸ் தொல்லை வருமா?

சுதா_அடையாறு
டிடிஎஸ் எல்லாம் போக பாக்கி வரி 10,000-ஐத் தொட்டால்தான். வங்கி 10% பிடிக்கிறது, உங்களுக்கு 20.8%. இடைவெளி 10.8%. ஆண்டு வட்டி 92,600 பக்கம் வரும்போது பாக்கி 10,000 ஆகும். இந்த எஃப்.டி ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் கடைசிப் பகுதியில் அந்தக் கோட்டை உரசும். சேமிப்புக் கணக்கு வட்டி, ஒரு ஆர்.டி என்று ஏதாவது சேர்ந்தால் முன்பே தாண்டும். அதன்பின் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாவிட்டால் 234பி, 234சி வட்டி. சம்பளக்காரருக்கு எளிய வழி: ஆபீஸில் வரிக் கணக்கு கேட்கும்போதே இந்த வட்டியைப் பிற வருமானமாக எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதற்கும் சேர்த்துச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். இந்த மார்ச்சுக்கு 33,100-ஐயும் அப்படியே கொடுக்கலாம், நேரம் இருக்கிறது.

பிரிவு எண்கள் எல்லாம் பழைய 1961 சட்டப்படி சொல்லியிருக்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம், எண்கள் மாறும்.

மீனா_மயிலாப்பூர்
சுதா மேடம், குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். அம்மாவுக்கு 66 வயசு. ஒரே வங்கியில 18 லட்சம், மூணு கிளையில மூணு க்யூமுலேட்டிவ் எஃப்.டி, தலா 6 லட்சம். ஒவ்வொண்ணும் 1 லட்சத்துக்குக் கீழதான் வட்டி, ஆனாலும் டிசம்பர்ல டிடிஎஸ் பிடிச்சிருக்காங்க. வேற வருமானம் எதுவும் இல்ல. டிடிஎஸ் பிடிக்க வேண்டாம்னு கொடுக்கிற 15எச் படிவத்தை ஜனவரியிலதான் கொடுத்தோம்.

சுதா_அடையாறு
மீனாம்மா, வரம்பு கிளைக்கு இல்லை, வங்கிக்கு. மூன்று கிளையும் ஒரே பான் எண்ணில் சேர்த்துப் பார்ப்பார்கள். 18 லட்சத்துக்கு 7%-இலேயே 1,00,000 தாண்டிவிடும். 15எச் ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். பிடித்துக் கட்டிய தொகையை வங்கி திருப்பித் தராது, ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டும். 5 வருட எஃப்.டி-க்கு ஒருமுறை கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

மாம்பலம்_ராஜு
அம்மா வீட்டுச் செலவுக்கு எங்கிருந்து எடுக்கிறார்கள்? மூன்றுமே க்யூமுலேட்டிவ் என்றால் மாதச் செலவுக்கு அவ்வப்போது ஒன்றை உடைக்க வேண்டி வரும். அவர்களுக்கு வரி இல்லை, 7%-இல் கட்டிப்போடுவதைவிட கைக்கு வருவதே முக்கியம். முதிர்கிற ஒன்றையாவது அடுத்த முறை மாத வட்டிக்கு வையுங்கள். ஒரே வங்கியில் 18 லட்சம் என்பதும் யோசிக்க வேண்டியது, வைப்புக் காப்பீடு அசல், வட்டி எல்லாம் சேர்த்து ஒரு வங்கிக்கு 5 லட்சம்தான்.

மீனா_மயிலாப்பூர்
நான்தான் மாசம் கொடுக்கறேன். ஆனா நீங்க சொல்றது சரி, அம்மா கிட்ட பேசறேன்.

வேளச்சேரி_கார்த்தி
கடைசிக் கேள்வி. அப்போது என் எஃப்.டி-யை உடைத்து மாற்றலாமா, வேண்டாமா?

மாம்பலம்_ராஜு
வேண்டாம். நடுவில் க்யூமுலேட்டிவைக் காலாண்டாக மாற்று என்றால் பெரும்பாலும் முன்கூட்டியே மூடிப் புதிதாகத்தான் போடச் சொல்வார்கள். மூடினால் 7% கிடையாது. நீங்கள் வைத்திருந்த 5 மாதத்துக்கு, போட்ட அன்று என்ன வீதமோ அது, அதிலும் அரை அல்லது ஒரு சதவீதம் அபராதம். புதிதாகப் போட இன்றைய வீதம். வருடம் 15,000 வரியைச் சம்பளத்திலிருந்து தாங்க முடியும் என்றால் இப்படியே விடுங்கள்.

இரண்டு, மூன்று வருடம் கழித்து உடைக்க வேண்டி வந்தால் ஒரு குடைச்சல் இருக்கிறது. அதுவரை 7% கணக்கில் திரண்ட வட்டிக்கு வரி கட்டியிருப்பீர்கள். மூடும்போது வங்கி குறைந்த வீதத்தில் மறுபடி கணக்கிட்டுத் தரும். வராத வட்டிக்கும் வரி கட்டியதாகிவிடும். காலாண்டு வட்டியிலும் இதே கதைதான், அங்கே அதிகமாகக் கொடுத்ததை அசலிலிருந்து பிடித்துக்கொள்வார்கள், அதனால் உடனே கண்ணில் படும்.

வேளச்சேரி_கார்த்தி
அப்படி அதிகமாகக் கட்டிய வரியை எப்படித் திரும்ப எடுப்பது?

சுதா_அடையாறு
திருத்திய ரிட்டர்னுக்கான கெடு முடிவதற்குள் தெரிந்தால் அதைப் போடலாம். அதற்கு முந்தைய வருடங்களுக்கு அந்த வழி மூடியிருக்கும். மூடும் வருடத்து வட்டியிலிருந்து அதிகமாகக் காட்டியதைக் கழித்துக் காட்டி, வங்கியின் மறுகணக்கீட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொள்வதுதான் பலர் செய்வது.

குரோம்பேட்டை_குமார்
கழிச்சா ஏஐஎஸ் தொகையோட ஒத்துப்போகாதே மேடம், அப்பவும் கேள்வி வருமே? கையில வரும்போது காட்டுற முறையில இந்தத் தொல்லையே கிடையாது!

சுதா_அடையாறு
வரலாம். ஏஐஎஸ்-இலேயே அந்தப் பதிவுக்கு எதிரே கருத்துப் பதியும் இடம் இருக்கிறது, அங்கே பதிந்துவிட்டு அதன்பின் ரிட்டர்ன் போடுங்கள். எல்லா அதிகாரியும் ஒரே மாதிரி ஏற்பார்கள் என்று உறுதி தர மாட்டேன். உங்கள் முறையில் இந்த ஒரு தொல்லை இல்லை என்பது நிஜம்தான் குமார் சார்.

குரோம்பேட்டை_குமார்
அது போதும் மேடம் எனக்கு 🙂